பம்புக் குழாய்களின் பிளாஞ்சு இணைப்புகளைக் காற்றுப் புகாமல் பொருத்துதல்

கிணற்று மேட்டில் பம்பு வைத்து நீரிறைக்கும் விவசாயிகள் கோடையில் ஒரு குறையை அடிக்கடி கூறுவதுண்டு. காலையில் பம்பை ஓட்டியதும் வாய்க்கால் நிறைய நீர் வருகின்றது. கிணற்றில் மட்டம் சற்று இறங்கியதும் அளவு குறைந்து, வெண்ணுரையோடு விட்டுவிட்டுக் கொட்டிப் பின் அறவே நின்று விடுகின்றது. எட்டிப் பார்த்தாலோ கிணற்றில் இன்னும் இரண்டு ஆள் உயர நீர் இருக்கின்றது. இதனைக் கண்டு சிலர் பம்பு தேய்ந்துவிட்டதென்று எண்ணிப் பெரிய மோட்டாரை வாங்குகின்றனர். வேறு சிலர் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தப் பணம் செலவிடுகின்றனர். அவ்வாறு செலவழிக்குமுன் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. அஃது உறிஞ்சு குழாயின் துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்திருக்கும் பிளாஞ்சுகளும், அவற்றிடையே வைக்கப்பட்ட ரப்பர் கேஸ்கட்டுமாகும்.

பம்பு நீரை மேலே இழுப்பதாக நாம் சொல்லுகிறோம். உண்மையில் அது குழாயினுள் காற்றழுத்தத்தைக் குறைக்கின்றது. வெளிக்காற்றே கிணற்று நீரை அழுத்தி மேலே ஏற்றுகின்றது. ஆகையால் உறிஞ்சு குழாயினுள் அழுத்தம் எப்பொழுதும் வெளியிலுள்ளதைவிடக் குறைவாகவே இருக்கும். மேலேறும் குழாயில் இணைப்புக் கெட்டால் நீர் பீச்சியடித்து எல்லோருக்கும் தெரிந்துவிடும். உறிஞ்சு குழாயில் கெட்டாலோ ஒரு சொட்டும் வெளியே வராது. காற்று உள்ளே போகும். நீர்மட்டம் பம்பிற்கு 2 மீட்டர் கீழே இருக்கையில் இழுப்புச் சிறிதாதலால் புகும் காற்றும் சிறிதே. பம்பு அதனைச் சமாளித்துக் கொள்ளும். மட்டம் 5 மீட்டருக்கு இறங்கும்பொழுது இழுப்பு இரண்டரை மடங்காகி, அதே சந்தின் வழியே அதிகக் காற்று நுழைந்து நீர்த்தொடரை அறுத்துவிடும். நல்ல நிலையிலுள்ள பம்பு சாதாரணமாக 6 மீட்டர் ஆழத்திலிருந்து நீரெடுக்கக் கூடும். 4, 5 மீட்டரிலேயே அது தடுமாறுமாயின், காற்றுப் புகுகின்றதோ என்று ஐயுறுதல் தகும்.

இதைக் கண்டறியக் கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. பம்பை நிறுத்தி, உறிஞ்சு குழாய், பம்பின் கூடு, மேலேறும் குழாய் ஆகிய மூன்றும் நிறையுமாறு நீர் ஊற்றி அரைமணி நேரம் விட்டுவைக்கவும். மேலேறும் குழாய் வரையில் நிரப்புவதற்குக் காரணமுண்டு. பம்பினருகிலுள்ள இணைப்பே ஓடும்பொழுது மிகுந்த இழுப்பிற்கு உட்படுவது. அதற்கு மேலே நீர்ப்பளு இல்லாவிடில் அங்குள்ள கசிவு வெளிப்படாது. எந்த இணைப்பிலாவது ஈரம் துளித்தால் குற்றம் அங்கேயே உள்ளது. ஓரிடத்தும் துளிக்காமல் நீர் மட்டும் இறங்கிக்கொண்டே போனால் குற்றம் அடியிலுள்ள புட் வால்வைச் சேர்ந்தது. மற்றொரு வழியும் உண்டு. பம்பு தடுமாறி ஓடுகையில் குழைத்த களிமண்ணை ஒவ்வொரு பிளாஞ்சின் சந்திலும் சுற்றி அப்பிப் பார்க்கவும். எதில் அப்பியவுடன் நீர் நிறைந்து வருகின்றதோ அதுவே பிரித்துப் பார்க்க வேண்டிய இணைப்பு. களிமண்ணோடு விட்டுவிடலாமே என்று சிலர் நினைப்பர். காய்ந்தவுடன் அது வெடித்துப் பழைய கதையே திரும்பும்.

கசியும் இணைப்பைக் கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது, ஸ்பானரின் வாலில் ஒரு நீண்ட குழாயைச் செருகி இன்னும் முறுக்குவதே. இதனால் பயனில்லை என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். 100 மில்லிமீட்டர், அதாவது 4 அங்குலக் குழாயில் 15 மீட்டர் உயர நீர்ப்பளு இருப்பதாகக் கொள்வோம். அந்த நீர் பிளாஞ்சுகளைப் பிரிக்க முயலும் விசை சுமார் 120 கிலோவே. அத்தகைய பிளாஞ்சில் 16 மில்லிமீட்டர் கனமுள்ள போல்ட்டுகள் எட்டு இருப்பது வழக்கம். கால் மீட்டர் நீளமுள்ள சாதாரண ஸ்பானரை ஒருவர் 15 கிலோ அளவுக்கு இழுத்தாலே, ஒரு போல்ட்டு ஏறக்குறைய ஒரு டன் விசையுடன் பிளாஞ்சுகளை நெருக்கும். எட்டும் சேர்ந்தால் 8 டன்னுக்குக் குறையாது. வேண்டியதைப்போல் அறுபது மடங்கிற்கு மேல் விசை இருக்கையில், கசிவிற்குக் காரணம் விசைக்குறைவாக இருத்தல் அரிது. அவ்விசை ரப்பர் முழுதும் சமமாகப் பரவாமையே காரணம். மேலும் முறுக்கினால் இறுகிய பக்கமே இன்னும் இறுகும். வார்ப்பிரும்புப் பிளாஞ்சு வளையாத இயல்புடையதாதலால் ஒருநாள் காதோடு உடைந்தும் போகும்.

இனிக் கேஸ்கட்டைப் பற்றிக் கூறுவோம். குளிர்ந்த நீர் செல்லும் குழாய்க்கு ரப்பர் தகடே தக்கது. உள்ளே துணியிழை வைத்த தகடு கிடைத்தால் அதுவே மேலானது. இறுக்கும்பொழுது பக்கவாட்டில் பிதுங்கி ஓடாது. பழைய வார்ப்பிரும்புப் பிளாஞ்சின் முகம் சற்றுக் கரடுமுரடாக இருப்பதால் 3 மில்லிமீட்டர் கனம் வேண்டும். கனம் கூடினால் நன்மையும் கூடும் என்று கருதி 6 மில்லிமீட்டர் தகட்டையோ, இரண்டு கேஸ்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகவோ வைப்பது தவறு. கனத்த ரப்பர் நாளடைவில் தளர்ந்து கொடுப்பதும் அதிகம், விளிம்பில் பிதுங்குவதும் அதிகம். சைக்கிள் டியூபை வெட்டி வைப்பது அவசரத்திற்கு ஒருநாள் உதவுமேயன்றி நிலைக்காது. நீரில் நனையும் இயற்கை ரப்பருக்குக் கிரீஸ் தடவுவதும் ஆகாது. எண்ணெய்ப்பசை அதனை ஊதிப் பெருக்கி மிருதுவாக்கிவிடும். முற்காலத்தில் கல்நார் கலந்த தகடுகளும் வழங்கின. அதன் தூள் நுரையீரலைக் கெடுக்குமாதலால் புதிதாக அதனை வாங்க வேண்டா. பழைய இணைப்பைப் பிரிக்கையில் அப்படிப்பட்ட கேஸ்கட்டு இருக்கலாமென்று தோன்றினால், உலரச் சுரண்டாமல் நீரில் நன்றாக ஊறவைத்து எடுக்கவும்.

வடிவமும் முக்கியம். போல்ட்டு வட்டத்திற்கு உட்புறம் மட்டும் அடங்கும் சிறு வளையத்தை வெட்டினால் ரப்பர் மிச்சமாகும் என்பது உண்மை. ஆயின் தட்டை முகமுள்ள வார்ப்பிரும்புப் பிளாஞ்சில் அவ்வளையம் ஒரு நெம்புகோலின் தாங்கல்போல் நின்று, போல்ட்டை இறுக்க இறுக்கப் பிளாஞ்சின் ஓரத்தை வளைத்து முறிக்கப் பார்க்கும். ஆதலின் வெளிவிளிம்பு வரையில் படரும் முழுமுகக் கேஸ்கட்டே இவ்வகைப் பிளாஞ்சுக்குப் பொருந்தும். நடுத்துளை குழாயின் துளையைவிட 3, 4 மில்லிமீட்டர் பெரிதாக இருத்தல் வேண்டும். சிறிதாக இருந்தால் ரப்பரின் நாக்கு நீரோட்டத்தில் நீட்டிக்கொண்டு, இழுப்பினால் உள்ளே மடிந்து வழியை அடைக்கும். சில பிட்டர்கள் தகட்டைப் பிளாஞ்சின்மேல் வைத்துச் சுத்தியால் தட்டியே வெட்டுவர். விரைவான வழிதான், ஆனால் முகத்தின் விளிம்பு பொடிந்துவிடும். தகட்டில் பிளாஞ்சின் அச்சைச் சாக்கட்டியால் எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டி, போல்ட்டுத் துளைகளை மரக்கட்டையின்மேல் வைத்துப் பஞ்சினால் குத்தி எடுப்பதே செம்மையான முறை.

பொருத்தத் தொடங்குமுன் மின்சார மெயினை நிறுத்திப் பியூஸைக் கழற்றி வைத்துக்கொள்ளவும். இரு முகங்களிலும் ஒட்டியுள்ள பழைய ரப்பரையும் துருவையும் முற்றும் நீக்குக. ஒரு மணல் துகள் போதும், காற்று செல்லும் வழி உண்டாக. போல்ட்டின் மரையில் மட்டும் சிறிது எண்ணெய் இடலாம். பிறகு குழாயைக் கட்டையோ சங்கிலியோ கொண்டு தாங்கி, போல்ட்டு இல்லாமலே இரு முகங்களும் நேராகவும் இணையாகவும் நிற்குமாறு செய்தல் வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி அகன்றிருக்க, அதைப் போல்ட்டால் இழுத்துச் சேர்க்கும் வழக்கம் எங்கும் காணப்படுகின்றது. அவ்விழுப்பு முழுதும் பம்பின் கூட்டில் போய்ச் சேரும். கூட்டின் கழுத்தில் வெடிப்புக் காண்பதற்கு இதுவே பெருங்காரணம் என்பது நமது கருத்து.

இப்பொழுது இறுக்கும் முறை. எட்டுப் போல்ட்டுகளையும் வாஷருடன் செருகி, நட்டுகளைக் கையால் முடிந்தமட்டும் திருகுக. மேலேயுள்ள போல்ட்டிலிருந்து கடிகாரம் சுற்றும் வழியில் 1 முதல் 8 வரை சாக்கட்டியால் எண்ணிடுக. அடுத்தடுத்து 1, 2, 3 என்று இறுக்கினால், முதற் போல்ட்டின் பக்கம் ரப்பர் நசுங்கி எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். பின்னர் அதனை மூடும்பொழுது, முதலில் இறுக்கியவை தளர்ந்துபோகும். ஆகவே எதிரெதிராக 1, 5 என்ற இரண்டையும், பின் அவற்றிற்குக் குறுக்கேயுள்ள 3, 7 என்பவற்றையும், பின் 2, 6 என்பவற்றையும், ஈற்றில் 4, 8 என்பவற்றையும் இறுக்குக. இதையும் ஒரே மூச்சில் செய்யலாகாது. முதற் சுற்றில் முடிவான இறுக்கத்தில் மூன்றிலொரு பங்கும், இரண்டாவதில் மூன்றில் இரு பங்கும், மூன்றாவதில் முழுமையும் வருமாறு, ஒவ்வொரு சுற்றிலும் இதே வரிசையைக் கடைப்பிடிக்கவும். கடைசியாக 1 முதல் 8 வரை வட்டமாகச் சென்று ஒவ்வொன்றையும் அதே கைப்பலத்தால் தொட்டுப் பார்க்கவும். எந்த நட்டும் நகராத வரையில் இவ்வட்டம் தொடர வேண்டும். இரண்டு மூன்று முறை சுற்ற நேர்வது இயல்பே.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மேல், கீழ், இரு பக்கம் ஆகிய நான்கு இடங்களில் பிளாஞ்சுகளின் இடைவெளியை அளந்து பார்ப்பது நலம். இதற்குக் கனமறிந்த மெல்லிய இரும்புத் தகட்டுத் துண்டுகளே போதும். 3 மில்லிமீட்டர் ரப்பர் இரண்டேகால் மில்லிமீட்டர் அளவுக்கு நசுங்கியதும் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பக்கம் இரண்டும் எதிர்ப்பக்கம் இரண்டே முக்காலுமாக இருந்தால், அகன்ற பக்கத்துப் போல்ட்டுகளை மட்டும் முறுக்கிச் சரிசெய்ய முயலாமல், எல்லாவற்றையும் தளர்த்தி முதலிலிருந்து தொடங்குக. விளிம்பில் ரப்பர் உதடுபோல் பிதுங்கக் கண்டால் இறுக்கம் மிஞ்சிவிட்டதென்று அறியலாம். அக்கேஸ்கட்டை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டியதே.

கிராமக் குடிநீர்க் குழாய்களைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கும் இதே முறை பொருந்தும். அங்கே பெரிய குழாய்களின் பிளாஞ்சில் பன்னிரண்டு போல்ட்டுகளும் இருப்பதுண்டு. எதிர் ஜோடி, அதற்குக் குறுக்கு ஜோடி, பின்னர் இடைப்பட்ட ஜோடிகள் என்ற ஒழுங்கு மாறுவதில்லை. பழைய குழாயோடு புதிய துண்டைச் சேர்ப்பதாயின், போல்ட்டுத் துளைகளின் தொகையும் வட்டத்தின் அளவும் ஒத்திருக்கின்றனவா என்று வாங்குமுன்பே அளந்து பார்க்கவும். 4 அங்குலப் பிளாஞ்சிலேயே நான்கு துளையுள்ளதும் உண்டு, எட்டுத் துளையுள்ளதும் உண்டு.

ரப்பர் நசுங்கிய பின்னும் சிறிது சிறிதாகத் தளர்ந்து கொடுக்கும் தன்மையது. ஆதலால் பொருத்திய மறுநாள், பம்பை ஓட்டாமல் நிறுத்தி வைத்து, அதே வரிசையில் ஒருமுறை நட்டுகளைச் சோதித்து, தளர்ந்தவற்றைப் பழைய அளவுக்கு இறுக்கவும். அதன்பின் குழாய்களில் நீர் நிரப்பி அரைமணி நேரச் சோதனையை மீண்டும் செய்து பார்த்து, துளிப்பில்லையெனக் கண்டபின் பம்பை ஓட்டலாம். பின்னர் எப்பொழுதாவது அவ்விணைப்பைப் பிரிக்க நேர்ந்தால், பார்வைக்கு நன்றாக இருப்பினும் பழைய கேஸ்கட்டைத் திரும்ப வைக்க வேண்டா. ஒருமுறை நசுங்கிய தடம் மறுமுறை அதே இடத்தில் பொருந்துவதில்லை.