படிக்காமலே ஒதுக்கும் கணக்கு

நியூயார்க் நகரின் டாக்சி ஆணையம், மஞ்சள் டாக்சிகளின் பயண விவரங்களை மாதத்துக்கு ஒரு கோப்பாகப் பொதுவில் வெளியிடுகிறது. 2022 முதல் அவை ‘பார்க்கே’ என்ற வடிவில் வருகின்றன. 2024 ஜனவரிக் கோப்பில் மட்டும் ஏறக்குறைய 30 லட்சம் பயணங்கள். அவற்றில் கென்னடி விமான நிலையத்தில் தொடங்கியவை எத்தனை? அந்த இடத்துக்கு ஆணையம் கொடுத்துள்ள எண் 132.

பார்க்கே கோப்பில் வரிகள் பெரிய தொகுதிகளாகப் பிரிந்திருக்கும். ‘ரோ குரூப்’ என்பார்கள். தொகுதிக்குள் ஏறிய இடம், நேரம், கட்டணம் என ஒவ்வொரு பத்தியும் தனித்தனியாக இருக்கும். கோப்பின் கடைசியில் ஒரு குறிப்பு உண்டு. எந்தத் தொகுதி எங்கே தொடங்குகிறது என்பதோடு, அதில் ஒவ்வொரு பத்தியின் மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்புகளும் பொதுவாக அங்கே எழுதப்பட்டிருக்கும். படிக்கும் மென்பொருள் முதலில் பார்ப்பது இந்த வாலைத்தான்.

எல்லாவற்றையும் படித்துவிட்டு வடிகட்டாமல், ‘ஏறிய இடம் 132’ என்ற நிபந்தனையைக் கோப்பைப் படிக்கும் இடத்துக்கே அனுப்பிவிடுவதுதான் ‘ப்ரெடிகேட் புஷ்டவுன்’. ஒரு தொகுதியின் எல்லை 140 முதல் 161 வரை என்றால் அதில் 132 இருக்க வழியில்லை. அதைத் தொடாமலே தாண்டிவிடலாம். எல்லை 100 முதல் 140 வரை என்றால்? இருக்கலாம், இல்லாமலும் போகலாம். திறந்தே பார்க்க வேண்டும். ‘இங்கே இல்லை’ என்று மட்டுமே இந்தக் குறிப்பால் அடித்துச் சொல்ல முடியும்.

இனிதான் சிக்கல். பயணங்கள் நேர வரிசையை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தால், ஊரின் எல்லா மூலைகளும் எல்லாத் தொகுதிகளிலும் கலந்திருக்கும். ஒவ்வொன்றின் எல்லையும் 1 முதல் 265 வரை நீளும். குறிப்பு இருக்கிறது, பயன் இல்லை. டக்டிபி வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்:

```sql
SELECT row_group_id, stats_min, stats_max
FROM parquet_metadata('yellow_tripdata_2024-01.parquet')
WHERE path_in_schema = 'PULocationID';
```

இதே கோப்பை ஏறிய இடத்தின்படி வரிசைப்படுத்தி, தொகுதிக்கு 1,22,880 வரிகளாக எழுதினால் 25 தொகுதிகள் வரும். கென்னடியில் தொடங்கியவை சுமார் ஒன்றரை லட்சம். அடுத்தடுத்த இரண்டு மூன்று தொகுதிகளில் அடங்கிவிடும். மற்றவற்றைத் திறக்கவே வேண்டாம். ஆனால் நேரத்தைக் கேட்கும் கேள்விகள் இப்போது அடிவாங்கும், ஏனென்றால் ஜனவரி முழுவதும் பல தொகுதிகளில் சிதறிவிட்டது. எந்தக் கேள்வி அடிக்கடி வரும் என்று தெரிந்தவர்தான் வரிசையை முடிவுசெய்ய வேண்டும். மென்பொருளிடம் விடக்கூடிய வேலை அல்ல இது.

அழுக்குத் தரவும் கெடுக்கும். இந்த டாக்சிக் கோப்புகளில் மீட்டரின் கடிகாரம் தவறியதுபோல 2002, 2009 என்று பழைய தேதிகள் அங்கங்கே தட்டுப்படும். ஒரு தொகுதியில் அப்படி ஒரே ஒரு வரி இருந்தாலும் அதன் கீழ் எல்லை 2002-க்குப் போய்விடும். பிறகு 2015-ஐப் பற்றிக் கேட்டாலும், அந்த ஆண்டின் பயணம் ஒன்றுகூட இல்லாத அந்தத் தொகுதியைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.