உலகம் செய்வோம் – 8: தக்காளி வந்த வழி

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எழுதிய ‘தி ஹாபிட்’ 1937-இல் வெளிவந்தது. முதல் அத்தியாயத்தில் பில்போ வீட்டுக்கு விருந்தாளிகள் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். மந்திரவாதி காண்டால்ஃப், ஆறிய கோழிக்கறியும் தக்காளியும் கேட்கிறார். 1966-இல் திருத்திய பதிப்பில் தக்காளி போய், அந்த இடத்தில் ஊறுகாய் வந்துவிட்டது.

தக்காளி அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. 16-ஆம் நூற்றாண்டில்தான் கப்பலேறி ஐரோப்பாவுக்கு வந்தது. டோல்கீனின் கதை நிலமோ ஐரோப்பாவின் மிகப் பழைய காலம் போன்றது. அங்கே அந்தக் கப்பலுக்கு இடமில்லை. ஆனால் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புகையிலையை அவர் நீக்கவில்லை. ஹாபிட்டுகள் புகைக்காமல் கதை நகராது. அதனால் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முன்னுரையில் அதற்கு ஒரு வழித்தடம் போட்டுக் கொடுத்தார். கடலுக்கு அப்பாலிருந்த நியூமெனோர் மனிதர்கள் அந்தச் செடியைக் கொண்டுவந்திருக்கலாம், பிறகு அது ஆண்டுயின் ஆற்றங்கரையிலிருந்து வடக்கே பரவியது, ஹாபிட் நாட்டில் முதலில் பயிரிட்டவர் டோபோல்ட் ஹார்ன்புளோவர் என்று எழுதிவைத்தார். உருளைக்கிழங்குக்கு இப்படி எந்த விளக்கமும் தரவில்லை. ஹாபிட் சாம் சமைக்க ஆசைப்படுகிற அந்தக் கிழங்கை, வாசகர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார். எல்லாவற்றுக்கும் வரலாறு எழுதவேண்டியதில்லை, கதை எதன்மேல் சாய்ந்து நிற்கிறதோ அதற்கு எழுதினால் போதும் என்றுதான் நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

வரலாறு எழுதாவிட்டாலும், பின்னணியில் கிடக்கும் ஒவ்வொரு பொருளிடமும் நான் கேட்பது மூன்று கேள்விகள்: மூலப்பொருள் எங்கே கிடைத்தது? அதைச் செய்தது யார், எதை எரித்து, எந்தக் கருவியால்? இந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது? பீட்டர் ஜாக்சனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களுக்கு ஆயுதம் செய்த வெட்டா பட்டறையின் வேலையைப் பார்த்தால் இரண்டாவது கேள்வியின் பலன் தெரியும். எல்ஃப்களின் வாள் இலைபோல நீண்டு வளைந்திருக்கும். ஆயுள் நீண்ட இனம், ஒரு வாளை அவசரமின்றி இழைக்க அவர்களுக்கு நேரமுண்டு. உருக்-ஹாய் வாள் தட்டையான இரும்புப் பட்டை, நுனியில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். சுரங்க உலைகளில் ஆயிரக்கணக்கில் அவசரமாக அடித்துத் தள்ளியது என்று பார்த்தவுடனே புரிகிறது.

இனி நாமே ஒன்றைச் செய்து பார்ப்போம். மரமே இல்லாத உயர்ந்த பீடபூமி. யாக் மேய்க்கும் மக்கள். அங்கே ஒரு பயணியர் விடுதி. எழுத்தாளர் முதல் வரைவில் எழுதுகிறார்: மேசைமேல் மெழுகுவத்தி எரிகிறது, கதாநாயகி ஜன்னல் கண்ணாடி வழியே பார்க்கிறாள், தூரத்தில் எதிரியின் குதிரைகள் வருகின்றன.

கண்ணாடிக்கு மணல் வேண்டும், மணல் இளகச் சாம்பல் உப்பு வேண்டும், உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு நிற்கவேண்டும். ஐரோப்பாவில் கண்ணாடி உலைகள் விறகையே தின்றன. காடு காலியாகிறதே என்ற கவலையில், அந்த உலைகளில் விறகு எரிக்க இங்கிலாந்து அரசர் 1615-இல் தடை போட்டார். நம் பீடபூமியில் கிடைக்கும் எரிபொருளோ யாக் சாண வரட்டி. கஞ்சி காய்ச்ச அது போதும், கண்ணாடி உருக்கக் காணாது. ஆகவே ஜன்னலில் எண்ணெய் தடவி இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்தான் இருக்கும். வெளிச்சம் மங்கலாக உள்ளே வரும், உருவம் தெரியாது. பூக்கள் குறைந்த குளிர் நிலத்தில் தேன்மெழுகும் அரிது. மேசைமேல் எரிவது கொழுப்பு விளக்கு. கொஞ்சம் நாற்றம், மேலே கூரையெல்லாம் கரி.

இப்போது காட்சியே மாறுகிறது. நாயகிக்கு எதிரியைப் பார்க்க வழியில்லை. குளம்புச் சத்தம்தான் முதலில் வரும். எத்தனை குதிரை என்று காதால் எண்ணவேண்டும். தோலில் ஒரு நிழல் விழும்போது அவன் வாசலுக்கே வந்துவிட்டான்.

வரைவை முடித்ததும் வினைச்சொற்களை விட்டுவிட்டுப் பொருள்களின் பெயர்களை மட்டும் அடிக்கோடிட்டுக்கொண்டே போங்கள். அந்த நிலத்தில் விளையாதது, அந்த உலையில் உருகாதது உடனே கண்ணில் படும். அந்த மூன்று கேள்விகளின் விடைகள் உங்கள் குறிப்பேட்டுக்கானவை. வரட்டியின் சூட்டைப் பற்றிக் கதைக்குள் பாடம் நடத்தினால் வாசகர் எழுந்து போய்விடுவார். அவருக்குக் கரி படிந்த கூரை போதும்.

‘எனக்குக் கண்ணாடி வேண்டுமே’ என்றால் தாராளமாக வையுங்கள். ஆனால் அது கீழ்நாட்டிலிருந்து வைக்கோல் சுற்றிக் கழுதை முதுகில் வந்திருக்கவேண்டும். அப்படியானால் அந்த ஊரிலேயே அது ஒன்றுதான், தலைவர் வீட்டில், உள்ளங்கை அகலத்தில் இருக்கும். அதன்மேல் கல்லெறிந்த சிறுவனை ஊர் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்தாகவேண்டும்.

(தொடரும்)