7-ஐ 1 என்று நினைத்த இயந்திரத்துக்கு எவ்வளவு ஆச்சரியம்?

கையால் எழுதிய இலக்கங்களைப் படிக்க ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றத் தொடங்கினால், திரையில் முதலில் வந்து நிற்கும் எண் பெரும்பாலும் 2.30-ஐ ஒட்டியே இருக்கும். யார் ஓட்டினாலும், எந்தக் கணினியில் ஓட்டினாலும் கிட்டத்தட்ட அதேதான். சில நிமிடங்களில் அது 0.5 ஆகும், பிறகு 0.1-க்கும் கீழே இறங்கும். அந்த எண்ணுக்குப் பெயர் கிராஸ்-என்ட்ரோபி இழப்பு. பெயர்தான் மிரட்டுகிறது. அது சொல்லும் சேதி எளிமையானது: சரியான விடையைக் காட்டியபோது இயந்திரம் எவ்வளவு ஆச்சரியப்பட்டது என்பதன் அளவு அது.

இந்த இலக்கப் படங்களின் தொகுப்புக்கு எம்னிஸ்ட் என்று பெயர். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஊழியர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் எழுதிய இலக்கங்களிலிருந்து யான் லெகுனும் அவருடைய சகாக்களும் 1990-களில் தொகுத்தது. பயிற்சிக்கு 60,000 படங்கள், சோதனைக்கு 10,000. ஒவ்வொன்றும் 28-க்கு 28 புள்ளிகள் கொண்ட சின்னஞ்சிறு கறுப்பு வெள்ளைப் படம். இத்துறைக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலோர் கைவைக்கும் முதல் தொகுப்பு இதுதான்.

அதில் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். யாரோ அவசரத்தில் எழுதிய 7. மேல்கோடு நீளாமல் சற்றே முளைத்ததுபோல நிற்கிறது. கீழே இறங்கும் கோடோ ஏறக்குறைய நேர்க்குத்து. மாடலிடம் இதைக் கொடுத்தால் அது "இது 1" என்று ஒற்றை விடை சொல்லிவிட்டு ஒதுங்குவதில்லை. பத்து இலக்கங்களுக்கும் ஒவ்வொரு மதிப்பெண் போடுகிறது. சாஃப்ட்மேக்ஸ் என்ற கணக்கு அந்த மதிப்பெண்களை, கூட்டினால் 1 வரும்படியான பத்து நிகழ்தகவுகளாக மாற்றித் தருகிறது. நம் படத்துக்கு இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: 1-க்கு 0.65, 7-க்கு 0.25, மீதி எட்டு இலக்கங்களுக்கும் சேர்த்து 0.10. படத்தின் பின்னால் எழுதியிருக்கும் சரியான விடை 7. இப்போது இயந்திரத்துக்கு எத்தனை ஆச்சரியம்?

ஆச்சரியத்தை எண்ணால் அளக்கலாம் என்ற யோசனையைத் திருத்தமாக வகுத்தவர் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன். 1948-இல் அவர் எழுதிய கட்டுரை தகவல் தொடர்பியலின் அடித்தளமானது. அக்னி நட்சத்திரத்தில் வெயில் கொளுத்துகிறது என்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதே நாளில் ஆலங்கட்டி விழுந்தது என்றால் ஊரே பேசும். எது நடக்க வாய்ப்பு குறைவோ அதில் ஆச்சரியம் அதிகம். ஆனால் எவ்வளவு அதிகம்? இங்கேதான் மடக்கை வருகிறது. ஒரு நாணயத்தைச் சுண்டித் தலை விழ நிகழ்தகவு 0.5. இருமுறை சுண்டி இரண்டும் தலையாக விழ 0.25. நிகழ்தகவுகள் பெருக்கலில் சேர்கின்றன. ஆச்சரியமோ ஒன்றோடு ஒன்று கூடத்தானே வேண்டும், இரண்டு தலைக்கு இரண்டு மடங்கு. பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் கணக்கு மடக்கைதான். ஆகவே ஆச்சரியம் என்பது நிகழ்தகவின் இயல் மடக்கைக்கு முன் ஒரு கழித்தல் குறி: −ln(p). ஒரு தலைக்கு 0.693. இரண்டு தலைக்கு 1.386.

நம் 7-க்கு மாடல் கொடுத்திருந்தது 0.25. ஆக, அதன் ஆச்சரியம் 1.386. இரண்டு நாணயமும் தலையாக விழுந்தால் வரும் ஆச்சரியத்துக்கு ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கணக்கில் 0.65-க்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இழப்பு பார்ப்பது ஒன்றை மட்டும்தான்: சரியான விடைக்கு மாடல் எவ்வளவு ஒதுக்கி வைத்திருந்தது? 0.99 ஒதுக்கியிருந்தால் ஆச்சரியம் வெறும் 0.01. 0.1 என்றால் 2.30. 0.01 என்றால் 4.61. இப்படி எல்லாப் படங்களுக்கும் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் அதுதான் திரையில் ஓடும் எண்.

தொடக்கத்தில் ஏன் 2.30 என்பதும் இதிலேயே தெளிந்துவிடுகிறது. ஒன்றும் கற்காத மாடல் பத்து இலக்கங்களுக்கும் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்காகப் பிரித்துக் கொடுக்கிறது, 0.1-க்கு உரிய ஆச்சரியம் 2.30. ஆயிரம் வகைப் பொருள்களைப் பிரிக்கும் இமேஜ்நெட் தொகுப்பில் இதே தொடக்க எண் 6.91. முதல் அடியிலேயே இதைவிட மிகப் பெரிய எண் வந்தால், எதுவும் தெரியாமலே எதையோ அடித்துச் சொல்லும் நிலையில் மாடல் இருக்கிறது என்று பொருள். அனுபவசாலிகள் அங்கேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தொடக்க எடைகளைச் சரிபார்க்கப் போவார்கள்.

சரி, நூற்றுக்கு எத்தனை சரி என்று எண்ணினால் போதாதா? போதாது. இரண்டு மாடல்களிடம் பத்துப் படங்களைக் கொடுக்கிறோம். இரண்டும் ஒன்பதைச் சரியாகச் சொல்லி, ஒன்றில் தவறுகின்றன. முதல் மாடல் நிதானமானது: ஒன்பதிலும் சரியான விடைக்கு 0.8 கொடுத்தது, தவறியதில் 0.3. அதன் சராசரி இழப்பு 0.32. இரண்டாவது மாடலுக்குத் தன்னம்பிக்கை அதிகம்: ஒன்பதுக்கும் 0.99 கொடுத்தது. ஆனால் தவறிய ஒரே படத்தில் சரியான விடைக்கு அது விட்டுவைத்தது 0.0001. அந்த ஒற்றைப் படத்தின் ஆச்சரியம் மட்டும் 9.21. சராசரி 0.93 ஆகிவிடுகிறது. எண்ணிக்கையில் இரண்டும் 90 சதவீதம். இழப்பிலோ இரண்டாவது ஏறக்குறைய மூன்று மடங்கு மோசம். தெரியாததைத் தெரியும் என்று சாதித்ததற்கான தண்டனை அது.

சரியான விடைக்கு எவ்வளவு குறைந்ததோ அதன் வர்க்கத்தை இழப்பாக வைத்தால் இந்தத் தண்டனை மழுங்கிவிடும். 0.01 கொடுத்தவருக்கு 0.98, 0.0001 கொடுத்தவருக்கு 0.9998. பெயருக்குத்தான் வேறுபாடு. மடக்கையில் அதே இருவருக்கும் 4.61, 9.21 என்று இரட்டிப்பாகிறது. பயிற்சியிலும் இது பெரிய வேலை செய்கிறது. சாஃப்ட்மேக்ஸும் கிராஸ்-என்ட்ரோபியும் சேரும்போது ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எவ்வளவு தள்ள வேண்டும் என்ற கணக்கு வெறும் கழித்தலாகச் சுருங்கிவிடுகிறது: மாடல் சொன்ன நிகழ்தகவிலிருந்து உண்மையைக் கழித்தால் போதும். நம் படத்தில் 7-இன் மதிப்பெண்ணை 0.75 அளவுக்கு மேலே தள்ளு, 1-இன் மதிப்பெண்ணை 0.65 அளவுக்குக் கீழே அழுத்து, மற்ற எட்டுக்கும் சேர்த்து 0.10. தவறு பெரிதானால் தள்ளலும் பெரிது. வர்க்க இழப்பில் அப்படி இல்லை. மாடல் தவறான விடையில் உறுதியாக நிற்கும்போது தள்ளுவிசை கிட்டத்தட்டப் பூஜ்யமாகி, அது இருந்த இடத்திலேயே உறைந்துபோகும்.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் நிரலில் உள்ள பிழையும் கண்ணில் படும். பைடார்ச் பயன்படுத்தும் புதியவர்களிடம் ஒரு பிழை அடிக்கடி வரும்:

```python
probs = F.softmax(scores, dim=1)
loss = F.cross_entropy(probs, labels)
```

பார்வைக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பைடார்ச்சின் `cross_entropy` உள்ளேயே சாஃப்ட்மேக்ஸைப் போட்டுக்கொள்ளும். அதற்கு வேண்டியது மூல மதிப்பெண்கள். இங்கே சாஃப்ட்மேக்ஸ் இரண்டு முறை ஓடுகிறது. மாடல் சரியான விடைக்கு முழுசாக 1-உம் மற்றவற்றுக்கு 0-உம் கொடுத்தாலும், இரண்டாவது முறை அது 0.232 ஆகக் கரைந்துவிடும். அதன் ஆச்சரியம் 1.461. எத்தனை நாள் பயிற்றினாலும் பத்து வகைகளுக்கு இழப்பு அதற்குக் கீழே இறங்காது. விநோதம் என்னவென்றால், சரியான விடைகளின் விழுக்காடு 95-ஐத் தாண்டியும் போகும். அதனால் பலர் எதையும் சந்தேகிப்பதில்லை. திரையில் 1.46 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும் எண்ணைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர் முதல் வரியை அழித்துவிட்டு, அடுத்த வரியில் `scores`-ஐ நேரே கொடுத்துவிடுவார்.

இழப்பு குறைந்துகொண்டே போனால் எல்லாம் நலம் என்றும் சொல்லிவிட முடியாது. பயிற்சிப் படங்களில் குறைந்துகொண்டே வரும் எண், மாடல் பார்த்திராத படங்களில் ஒரு கட்டத்துக்குப் பிறகு ஏறத் தொடங்கும். அப்போதும் சரியான விடைகளின் எண்ணிக்கை குறையாமல், சில நேரம் கூடிக்கொண்டும் இருக்கும். முரணாகத் தோன்றினாலும் முரண் இல்லை: தவறும் படங்கள் கூடவில்லை, தவறும்போது காட்டும் பிடிவாதம்தான் கூடியிருக்கிறது. 2017-இல் சுவான் குவோவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அன்றைய ஆழமான நெட்வொர்க்குகள் முந்தைய தலைமுறையைவிடத் துல்லியமானவை, ஆனால் தங்கள் துல்லியத்துக்குத் தகுதியான அளவைத் தாண்டி உறுதியாகப் பேசுகின்றன. அவர்கள் சொன்ன வைத்தியம் ஆச்சரியமான அளவுக்குச் சின்னது. பயிற்சி முடிந்தபின் எல்லா மதிப்பெண்களையும் ஒரே எண்ணால் வகுத்துவிட வேண்டும். எந்த எண் என்பதை, தனியே ஒதுக்கிவைத்த படங்களில் இதே இழப்பு மிகக் குறைவாக வரும்படி தேர்ந்துகொள்வார்கள். எந்த விடை முதலிடம் என்பது மாறாது, 0.99 என்ற பேச்சு மட்டும் 0.9 என்று இறங்கும்.

இழப்பு பூஜ்யத்தைத் தொடுமா என்றால், நேர்மையான மாடலுக்குத் தொடாது. நம் 7-ஐப் பத்துப் பேரிடம் காட்டினால் மூன்று பேராவது 1 என்று சொல்லக்கூடும். படத்திலேயே இருக்கும் அந்த ஐயத்தை எந்தக் கணக்காலும் துடைக்க முடியாது. அதற்குக் கீழே இழப்பை இறக்கிய மாடல் பெரும்பாலும் படத்தைப் படிக்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறது.

இதனால்தான் பலர் பயிற்சியின் நடுவே படங்களை இழப்பின் வரிசையில் அடுக்கி, மிக அதிகமாக ஆச்சரியப்படுத்திய ஐம்பதையோ நூறையோ கண்ணால் பார்க்கிறார்கள். அங்கே கிறுக்கலும் இருக்கும், பாதி வெட்டுப்பட்ட இலக்கமும் இருக்கும். கூடவே, தெளிவான 4 ஒன்று 9 என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கும். ஆச்சரியப்பட்டதில் மாடல் செய்த தவறு ஏதும் இல்லை. கர்ட்டிஸ் நார்த்கட்டும் சகாக்களும் 2021-இல் பத்துப் புகழ்பெற்ற தொகுப்புகளின் சோதனைப் பகுதிகளை ஆராய்ந்தார்கள். மாடல்கள் தந்த நிகழ்தகவுகளை வைத்துச் சந்தேகத்துக்குரியவற்றைப் பொறுக்கி, பிறகு மனிதர்களிடம் காட்டி உறுதிசெய்தார்கள். சராசரியாக நூற்றுக்கு மூன்றுக்கு மேல் பிழையான பெயர்கள் அகப்பட்டன. இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் புரட்டிய எம்னிஸ்டின் 10,000 சோதனைப் படங்களிலும் 15 இருந்தன.