மூன்றாம் நாள் பிற்பகல் யார் இருந்தார்கள்?

வட்டார வள மையத்தில் பயிற்சி முடிந்த மறுநாளே ஒரு வேலை பாக்கி இருக்கும். பேனர் தெரியும்படி எடுத்த நான்கு புகைப்படங்கள், கையெழுத்துப் பட்டியலின் நகல், செலவுச் சீட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து அறிக்கை ஒன்றை மாவட்டத்துக்கு அனுப்பியாக வேண்டும். ‘பயிற்சி சிறப்பாக நடைபெற்றது, ஆசிரியர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர், தொடர் கண்காணிப்பு மேற்கொள்ளப்படும்’ என்ற மூன்று வாக்கியங்களும் அதில் தவறாமல் இருக்கும். போன பருவத்து அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றினாலும் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியபின் இத்தகைய பயிற்சிகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கும் திட்டம் அது. பிறகு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் போனது. புதிய பருவம் என்றால் புதிய கையேடு, அதற்கொரு பயிற்சி. பயிற்சி எத்தனை நடந்தது என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். எது பலித்தது என்பதை அறிக்கைதான் சொல்ல வேண்டும்.

அது எப்படிச் சொல்லும் என்று பார்க்க ஒரு கற்பனை வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் 40 பேருக்கு அழைப்பு போகிறது. மூன்று நாளும் ஒரே பாடம்: கடன் வாங்கிக் கழித்தல்.

முதல் நாள் காலையில் 38 பேர் வந்து கையெழுத்திட்டார்கள். ‘வருகை 95 சதவீதம்’ என்று அறிக்கையில் ஏறிவிடும் எண் இதுதான். பொய்யில்லை. ஆனால் மூன்று நாள் பயிற்சியில் காலை, பிற்பகல் என்று ஆறு அமர்வுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தலை எண்ணினால் வேறு கதை தெரியும். இரண்டாம் நாள் மாலை வரை பெரிய மாற்றமில்லை, ஓரிருவர்தான் குறைகிறார்கள். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அறையில் இருப்பது 24 பேர்.

காரணம் சோம்பல் என்று முடிவுகட்டுவது எளிது. வருகைச் சான்றை எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரத்திலேயே சான்றும் பயணப்படிப் படிவமும் கைக்கு வந்துவிட்டால், மலையடிவாரக் கிராமத்துக்கு மாலையில் ஒரே பேருந்து உள்ளவர் கிளம்பத்தான் செய்வார். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் மூன்று நாளாக ஐந்து வகுப்புகளையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் சக ஆசிரியரிடமிருந்து தொலைபேசி வந்திருக்கும். நல்ல அறிக்கையில் இந்தக் காரணங்கள் ஒரு பத்தியாவது இடம்பெறும். ஏனென்றால் அந்தப் பிற்பகலில்தான் ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்கான பாடத்தைத் தயாரித்து, சக ஆசிரியர்கள் முன் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு முந்திய ஐந்து அமர்வுகளில் அவர்கள் பெரும்பாலும் கேட்டார்கள், பார்த்தார்கள். தாங்களே செய்து பார்க்கும் நேரம் வந்தபோது 14 பேர் இல்லை.

அடுத்தது விளைவு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஒரே தேர்வை வைத்து மதிப்பெண்ணை ஒப்பிடுவது வழக்கம். இங்கே கேள்வி எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘52இலிருந்து 27ஐக் கழிக்க’ என்று ஆசிரியரிடம் கேட்பதில் பயனில்லை. எல்லோரும் 25 என்று எழுதிவிடுவார்கள். ‘ஒரு குழந்தை 35 என்று எழுதியிருக்கிறது. என்ன நினைத்து அப்படி எழுதியிருக்கும்?’ என்று கேட்டால் அது பயிற்சியைச் சோதிக்கும் கேள்வி. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று கண்ட குழந்தை, ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து போட்டிருக்கிறது. பத்துகள் இடத்தில் ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்ற விதியை அந்தக் குழந்தை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது.

குழந்தைகளின் கழித்தல் பிழைகளுக்குள் இப்படி ஒரு சீரான தர்க்கம் இருப்பதை ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாகக் காட்டினார்கள். அவர்கள் பட்டியலில் பூஜ்யத்திலிருந்து கடன் வாங்கும் பிழைக்குத் தனி இடம் உண்டு. 402இலிருந்து 178ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 324 என்று எழுதும். பூஜ்யத்தை ஒன்பதாக மாற்றத் தெரிந்திருக்கிறது, ஆனால் அந்தக் கடன் நூறுகளிலிருந்து வந்தது என்பது தெரியவில்லை. அதனால் 4 குறையாமல் 4 ஆகவே நின்றுவிடுகிறது. சரியான விடை 224.

நம் வட்டாரத்தில் இத்தகைய 10 கேள்விகள் கொடுத்தார்கள். முதல் நாள் எழுதிய 38 பேரின் சராசரி 4.1. கடைசியில் எழுதிய 24 பேரின் சராசரி 7. ‘ஏறத்தாழ மூன்று மதிப்பெண் முன்னேற்றம்’ என்று எழுதக் கை பரபரக்கும்.

கொஞ்சம் பொறுக்க வேண்டும். முன்தேர்வு எழுதியவர்களும் பின்தேர்வு எழுதியவர்களும் ஒரே கூட்டம் இல்லை. கடைசிவரை இருந்த 24 பேரின் முன்தேர்வுத் தாள்களை மட்டும் தனியே எடுத்தால் அவர்கள் சராசரி 5 என்று வருகிறது. ஆக, உண்மையான ஏற்றம் இரண்டு மதிப்பெண்தான். கிளம்பிப் போன 14 பேரின் முன்தேர்வுச் சராசரி 2.5. இந்தப் பயிற்சி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் முக்கியமான அமர்வில் இல்லை. கையெழுத்துப் பட்டியலையும் விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத எந்த அறிக்கையிலும் இது வெளிவராது. இதற்குப் பெரிய புள்ளியியல் எதுவும் வேண்டாம். தாளில் பெயருக்குப் பதிலாக ஒரு குறியீட்டு எண் எழுதச் சொல்லி, இரண்டு தாள்களையும் ஜோடி சேர்த்தால் போதும்.

கேள்விவாரியாகவும் பார்த்துவிடுவது நல்லது. 52க்கும் 27க்குமான கணக்கில் கிட்டத்தட்ட எல்லோரும் தேறியிருக்க, பூஜ்யக் கணக்கில் முன்பிருந்த அளவே இப்போதும் இருந்தால், கருத்தாளர் அந்தப் பகுதியை அவசரமாகக் கடந்திருக்கிறார் என்று பொருள். மொத்தச் சராசரி இதை மூடிவிடும்.

பின்னூட்டப் படிவத்துக்கு வருவோம். ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் நம் ஆட்கள் தாராள மனம் படைத்தவர்கள். மூன்று நாள் நம்முடன் சாப்பிட்டுப் பேசிய கருத்தாளர், படிவத்தை அவரே நேரில் நின்று வாங்கும்போது யாரும் இரண்டு போடமாட்டார்கள். திருப்தியை அளப்பது பயிற்சி மதிப்பீட்டின் முதல் படிதான் என்று அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இலேயே எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் வகைப்படுத்தினார். அதற்கு மேல் கற்றது, செயலில் மாறியது, இறுதிப் பலன் என்று மூன்று படிகள் உண்டு. ஆசிரியர் பயிற்சிக்கென்று இதை விரித்த தாமஸ் கஸ்கி இன்னொரு படியை நடுவில் வைத்தார்: கற்றதைச் செய்துபார்க்கப் பள்ளி இடம் கொடுக்கிறதா? நம் ஊர் அறிக்கைகள் பெரும்பாலும் தொடாத கேள்வி இது.

படிவத்தில் இதைக் கேட்க முடியும். ‘பயிற்சி எப்படி இருந்தது?’ என்பதை விட்டுவிட்டு, ‘வரும் வாரம் உங்கள் வகுப்பில் எதைச் செய்வீர்கள்? எது தடுக்கும்?’ என்று இரண்டு வரி எழுதச் சொல்லலாம். ‘இதை என் வகுப்பில் செய்ய முடியும்’ என்ற வாக்கியத்துக்கு மட்டும் ஐந்துக்கு மதிப்பெண் கேட்கலாம். இருந்த 24 பேரின் சராசரி 4.25 என்று வைத்துக்கொள்வோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால், ஒரே வகுப்பை நடத்தும் 15 பேரும் ஐந்து போட்டிருக்கிறார்கள். பல வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் 9 பேரும் மூன்றுதான் போட்டிருக்கிறார்கள். குச்சிக் கட்டுகளைப் பிரித்து, ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றிக் காட்டும் செயல்பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் என்ன செய்யும் என்பதற்குப் பயிற்சியில் பதில் இல்லை. அந்த மூன்று மதிப்பெண்ணின் அர்த்தம் அதுதான். அவர்கள் எழுதிய இரண்டு வரியைப் படித்தால் இது புரிந்துவிடும், எண்ணை மட்டும் கூட்டினால் புரியாது.

திறந்த கேள்விகளின் பதில்களைப் பகுப்பதும் கடினமான வேலையில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிட்டு நேரம், பொருள், பல வகுப்பு, பாடப்பகுதி தெளிவின்மை என்று கட்டுகளாகப் பிரித்து எண்ண வேண்டியதுதான். இன்னொருவர் தனியாக அதே பிரிவினையைச் செய்து, இருவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்று பார்த்தால் சொந்த விருப்பம் உள்ளே நுழைவது குறையும். ‘மதிய உணவு அருமை’ என்பதற்கும் ஒரு கட்டு ஒதுக்கத்தான் வேண்டியிருக்கும்.

இவ்வளவும் தெரிந்தபின் ‘தொடர் கண்காணிப்பு மேற்கொள்ளப்படும்’ என்று எழுத மனம் வராது. யார், எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேதிக்குள், எதைப் பார்க்க என்ற நான்கு கட்டங்கள் உள்ள ஒரு பட்டியலே தொடர் திட்டம். நம் வட்டாரத்தில் முதல் வரிசையில் வருபவர்கள் இடையில் கிளம்பிய 14 பேரும், வராமலே போன இருவரும். அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் அந்த 16 பேருக்கும் செய்துபார்க்கும் அமர்வை மட்டும் மறுபடி நடத்த வேண்டும். இரண்டாம் வரிசையில் பல வகுப்பு நடத்தும் ஒன்பது பேர். அவர்களில் இதைச் சமாளித்துக்கொண்டிருக்கும் ஒருவரின் வகுப்பறைக்கு மற்ற எட்டுப் பேரையும் கூட்டிப்போவது இன்னொரு உரையைவிடப் பயன் தரும்.

மற்றவர்களுக்குப் பள்ளிப் பார்வை. விளக்கமும் செய்முறையும் மட்டும் கொடுத்து அனுப்பினால் வகுப்பறைக்குள் போய்ச் சேருவது மிகக் குறைவு, உடனிருந்து வழிகாட்டினால்தான் பழக்கமாகும் என்பதை புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலிருந்து வலியுறுத்திவந்தார்கள். ஆசிரியர் பயிற்றுநர் மூன்று வாரத்துக்குள் ஒருமுறையும், அதற்கு ஆறு வாரம் கழித்து இன்னொரு முறையும் போகிறார். பதிவேட்டைப் புரட்டுவதோடு திரும்பக் கூடாது. மூன்றாம் வகுப்பில் ஐந்து குழந்தைகளிடம் அதே இரண்டு கணக்கைக் கொடுத்து, 35உம் 324உம் எத்தனை தாளில் வருகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து பேரை வைத்து மாவட்டத்துக்கே தீர்ப்பு சொல்லிவிட முடியாது. அந்த ஆறு வாரத்தில் வழக்கமான பாடத்தாலேயே குழந்தைகள் தேறியிருக்கவும் கூடும், எல்லாப் பெருமையையும் பயிற்சியே எடுத்துக்கொள்வது நியாயமில்லை. ஆனால் ஆசிரியரோடு உட்கார்ந்து பேச அந்த ஐந்து தாள்கள் போதும்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. செலவுக் கணக்கை முடிக்க அறிக்கை ஒரு வாரத்துக்குள் போயாக வேண்டும், குழந்தைகளின் தாள் கையில் வருவதோ இரண்டு மாதம் கழித்து. அதனால் அறிக்கையை இரண்டாக எழுதுவதுதான் வழி: வருகை, தேர்வு, பின்னூட்டம், திட்டம் அடங்கிய முதல் பகுதி உடனே. பள்ளிப் பார்வையில் கண்டவை அடங்கிய இரண்டாம் பகுதி எந்தத் தேதியில் வரும் என்பதை முதல் பகுதியின் கடைசி வரியிலேயே எழுதிவிட வேண்டும். அடுத்த பருவத்துக்கான கால அட்டவணையைத் தயாரிப்பவர் இரண்டையும் கையில் வைத்திருந்தால், செய்துபார்க்கும் அமர்வை இரண்டாம் நாள் காலைக்கு நகர்த்துவார், வருகைச் சான்றை மூன்றாம் நாள் நாலரை மணிக்கு மேல்தான் கொடுப்பார், மாலையில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே விசாரித்து வைப்பார்.