பெரிய வால்வும் அலைபாயும் குளிர்ச்சியும்

குளிர்நீர்க் காயிலின் கிளையில் 40 கிலோபாஸ்கல் அழுத்தம் கிடைக்கிறது. காயிலும் குழாயும் 20 எடுக்கின்றன. கட்டுப்பாட்டு வால்வு மீதி 20-ஐ ஏற்றால், அதன் அதிகாரம் 0.5. குழாயின் அளவைப் பார்த்தே வாங்கிய பெரிய வால்வோ 2 மட்டுமே எடுக்கும். எஞ்சிய 18-ஐச் சமநிலை வால்வு விழுங்கி உச்ச ஓட்டத்தைச் சரிசெய்துவிடும், அதிகாரமோ 0.05-தான்.

நேர்கோட்டு வகை வால்வாயின், ஐந்தில் ஒரு பங்கு திறந்ததுமே மூன்றில் இரு பங்கு நீர் பாய்கிறது. பாதி நீரே ஏறத்தாழ 80 சதவீதக் குளிர்ச்சி தருமென்பதால், காற்று மிதமிஞ்சிக் குளிர்கிறது. கருவி வால்வை மூட, காற்று சூடேறுகிறது, மறுபடி திறக்கிறது. பாதிச் சுமையில் காற்றின் வெப்பநிலை இப்படி ஏறியிறங்கினால், முதலில் வால்வின் அளவைச் சோதியுங்கள்.