ஹோலிக்கு முந்தின ராத்திரி, ஜே.என்.யூ.வில் ஒரு வெற்றிப் பேச்சு

மாணவர் தேர்தலில் ஜெயித்தவர் மேடைக்கு வந்து பேசும் பேச்சு பெரும்பாலும் பத்து நிமிஷத்தைத் தாண்டாது. அதில் பாதியைக் கோஷம் தின்றுவிடும், மீதியில் பாதியைக் கைதட்டல். மிச்சம் கிடைக்கிற இரண்டு, மூன்று நிமிஷத்துக்குள் நன்றி சொல்ல வேண்டும், வரப்போகும் ஒரு வருஷத்துக்கு எதை எதிர்பார்க்கலாம் என்றும் சொல்ல வேண்டும். அதுவும் இரண்டு ராத்திரி தூங்காத கண்ணோடு, அடித்து அடித்து அடங்காத டஃப்லி சத்தத்துக்கு நடுவில்! இந்தக் கூத்தைத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்க்க, டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் 2024 மார்ச் தேர்தலைவிட ருசியான இடம் கிடைக்காது. வாங்க, கூட்டத்தில் கொஞ்சம் இடித்துக்கொண்டு உள்ளே போவோம்.

முதலில் அந்த நாளைப் பாருங்கள். மார்ச் 22 வெள்ளிக்கிழமை வாக்குப்பதிவு. முடிவு வந்தது 24 ஞாயிறு இரவு. மறுநாள் ஹோலி! யாராவது திட்டமிட்டு வைத்தாலும் இப்படி அமையாது. ஜெயித்தவர் முகத்தில் எப்படியும் வண்ணப்பொடி பூசுவார்கள். இந்த முறை தோற்றவர்களும் காலையில் அதே வண்ணத்தோடுதான் திரிந்திருப்பார்கள்.

அதோடு, நாலு வருஷப் பசி வேறு. 2019-க்குப் பிறகு அந்த வளாகத்தில் தேர்தலே நடக்கவில்லை. கொரோனா வந்தது, போனது, ஒரு தலைமுறை மாணவர்கள் ஓட்டே போடாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால்தானோ என்னவோ, 7,700-க்கும் மேற்பட்ட வாக்காளர்களில் 73 சதவீதம் பேர் வந்து வரிசையில் நின்றார்கள். பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் அதிகம்.

இங்கே தேர்தலை நடத்துவதே மாணவர்களின் தேர்தல் குழுதான். ஓட்டு காகிதச் சீட்டில். சீட்டை எண்ண எண்ண, யார் முன்னிலை என்பதை அவ்வப்போது வெளியே அறிவிப்பார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் வெளியே ஒரு பக்கம் ஆகாயத்துக்குக் குதிக்கும், இன்னொரு பக்கம் டீ குடிக்கக் கிளம்பும். அடுத்த அறிவிப்பில் இடம் மாறிக்கொள்வார்கள். அந்த முறை ஆரம்ப நிலவரத்தில் தலைவர், துணைத் தலைவர், பொதுச் செயலாளர், இணைச் செயலாளர் என்று நாலு பதவியிலும் ஏ.பி.வி.பி.தான் முன்னிலை! இடதுசாரிக் கூட்டணிக்காரர்களுக்கு அந்த நேரத்தில் டீ உள்ளே இறங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். பிறகு சீட்டுகள் திரும்பின. முடிவில் தலைவர் பதவியில் கூட்டணியின் தனஞ்சய் 2,598 ஓட்டு, எதிரே ஏ.பி.வி.பி.யின் உமேஷ் சந்திர அஜ்மீரா 1,676.

தனஞ்சய் பீகாரின் கயாவிலிருந்து வந்தவர். கலை, அழகியல் பள்ளியில் முனைவர் பட்ட ஆய்வாளர். ‘ஐசா’ அமைப்புக்காரர். 1996-இல் பத்தி லால் பைர்வா தலைவரானதற்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த முதல் தலித் மாணவர். அறிவிப்பு வந்ததும் ‘லால் சலாம்’ ஒரு பக்கம், ‘ஜெய் பீம்’ ஒரு பக்கம். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கொடிகள். அந்த நீலமும் அந்த ‘ஜெய் பீம்’மும் வெறும் அலங்காரத்துக்கு வரவில்லை. இந்த ராத்திரியின் அசல் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

கதை இப்படி. பொதுச் செயலாளர் பதவிக்குக் கூட்டணி நிறுத்தியிருந்த வேட்பாளர் மீது ஏ.பி.வி.பி. ஆட்சேபம் கொடுத்தது. வாக்குப்பதிவு தொடங்கச் சில மணி நேரமே இருக்கும்போது, நள்ளிரவு தாண்டி, அவருடைய வேட்புமனு ரத்தானது. விடிந்தால் தேர்தல், பதவிக்கு ஆள் இல்லை! கூட்டணி என்ன செய்தது தெரியுமா? அதே பதவிக்குத் தனியாக நின்ற ‘பாப்சா’வின் பிரியான்ஷி ஆர்யாவை ஆதரித்துவிட்டது. பாப்சா அம்பேத்கரிய அமைப்பு. இடதுசாரிகளையும் விட்டுவைக்காமல் விமர்சித்து வளர்ந்தது. முந்தின நாள் வரை ஒருவரை ஒருவர் துண்டறிக்கையில் கிழித்துக்கொண்டவர்கள், மறுநாள் ஒரே பெயருக்கு ஓட்டுக் கேட்டார்கள். பிரியான்ஷி ஜெயித்தார். எத்தனை ஓட்டு? 2,887. தலைவருக்குக் கிடைத்ததைவிட 289 அதிகம்!

இப்போது தனஞ்சய் இடத்தில் நின்று பாருங்கள். நன்றி சொல்ல வேண்டும். யாருக்கு? சொந்த அமைப்புக்குச் சொல்லலாம், அது எளிது. துணைத் தலைவர் எஸ்.எஃப்.ஐ., இணைச் செயலாளர் ஏ.ஐ.எஸ்.எஃப்., அவர்களின் தோழர்களை விடக் கூடாது. தன்னைவிட அதிக ஓட்டு வாங்கிப் பக்கத்தில் நிற்கிற பொதுச் செயலாளர் கூட்டணிக்காரரே இல்லை, அவருடைய ஆதரவாளர்கள் அதே கூட்டத்தில் நீலக் கொடியோடு நிற்கிறார்கள். வேட்புமனு ரத்தான தோழருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கினால் அது துரோகம். இந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப் போனாலும் மறுநாள் காலை வளாகத்து கங்கா தாபாவில் அதுதான் பேச்சாக இருக்கும். கல்யாண வீட்டில் பத்திரிகை வைக்காமல் விட்ட சித்தப்பா மாதிரி.

இதைவிட நெருக்கமான கணக்கு ஒன்று உண்டு. 73 சதவீதம் என்றால் பதிவான ஓட்டு 5,600-ஐத் தாண்டுகிறது. அதில் 2,598 என்றால் பாதிக்குக் கொஞ்சம் கீழே. தலைவர் பதவிக்கு எட்டுப் பேர் நின்ற தேர்தல். யார் அதிகம் வாங்கினாரோ அவர் ஜெயித்தார், பாதியைத் தாண்ட வேண்டும் என்ற விதி இல்லை. ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பகுதி வேறு யாருக்கோ குத்தியிருக்கிறது, ரெண்டாயிரம் பேர் வரவே இல்லை. ஆனால் நாளை விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று கதவைத் தட்டப்போவது இவர்கள் எல்லாரும்தான். கைதேர்ந்த தலைவர்கள் வெற்றிப் பேச்சில் ஒரு வாக்கியத்தையாவது தனக்கு ஓட்டுப் போடாதவர்களுக்கு ஒதுக்குவார்கள். அந்த வாக்கியத்துக்குக் கைதட்டு குறைவாகத்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும் என்பது என் கட்சி.

சரி, எதிர்பார்ப்பு? ஜெயித்த கையோடு தனஞ்சய் செய்தியாளர்களிடம் சொன்னதன் சாரம் இது: வெறுப்பு அரசியலையும் வன்முறையையும் மாணவர்கள் நிராகரித்திருக்கிறார்கள், மாணவர் உரிமைக்காகத் தொடர்ந்து போராடுவோம். முன்னுரிமை என்று அவர் அடுக்கியவை ஐந்து. வளாகத்தில் பெண்களின் பாதுகாப்பு, நிதி வெட்டு, உதவித்தொகை உயர்வு, கட்டமைப்பு, தண்ணீர்ப் பஞ்சம்.

மேலோட்டமாகக் கேட்டால் வழக்கமான பட்டியல். கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தண்ணீரும் கட்டிடமும் வளாகத்துக்குள்ளேயே முட்டிமோதிப் பார்க்கக்கூடியவை. மாணவர் நல டீன் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், வாசலில் உட்காரலாம். நிதி வெட்டு அப்படியல்ல. மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் பணம் வருவது மத்திய அரசிடமிருந்து. துணைவேந்தரே கையை விரித்தால், மாணவர் தலைவர் எந்தக் கதவைத் தட்டுவது? உதவித்தொகை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆக அந்த ஐந்தில் எதற்கும் அவரிடம் கையெழுத்து அதிகாரம் கிடையாது. மாணவர் பேரவைக்குப் பட்ஜெட்டைத் திருத்தும் உரிமையோ, ஒரு குழாயை மாற்ற உத்தரவிடும் உரிமையோ இல்லை. இருப்பது கூட்டம் கூட்டும் பலம், தீர்மானம், மனு, ஊர்வலம், உண்ணாவிரதம். அதனால் ‘வாங்கித் தருவேன்’ என்று சொல்லாமல் ‘போராடுவோம்’ என்று நிறுத்தியது கவிதைக்காக அல்ல. கையில் இருப்பதைத்தான் வாக்குக் கொடுக்க முடியும்.

காலமும் குறைவு. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு 2006-இல் கொடுத்த பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதன்படி ஒருவர் நிர்வாகிப் பதவிக்கு ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம். சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரி 1977, 78-இல் இதே நாற்காலிக்கு மூன்று முறை தேர்வானார். சந்திரசேகர் பிரசாத் தொண்ணூறுகளில் அடுத்தடுத்து இரண்டு முறை. இன்றைய தலைவருக்கு அந்த வசதி இல்லை. ‘அடுத்த முறை முடிக்கிறேன்’ என்று வெற்றிப் பேச்சில் யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் அடுத்த முறையே இல்லை! ஒரு விதத்தில் இது விடுதலை. மறுபடி ஓட்டுக் கேட்க வேண்டியிராத மனிதர், கசப்பான உண்மையைத் தைரியமாகச் சொல்லலாம். சொல்வார்களா என்பது ஆளைப் பொறுத்தது.

இன்னொரு குட்டி ரகசியம். அதே பரிந்துரைப்படி வேட்பாளருக்குச் செலவு வரம்பு 5,000 ரூபாய். அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான். முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். தோளில் தூக்கி ஆடியவர்கள் இறக்கிவிட்ட மறுவாரம், சார்ட் பேப்பருக்கும் மார்க்கருக்கும் பில் தேடி அலையும் தலைவரைக் கற்பனை செய்து பாருங்கள். பதவியின் முதல் வேலையே அதுதான்!

அந்தப் பேச்சு என்ன ஆயிற்று என்றால், கோடை கழிந்து ஆகஸ்டில் பேரவை காலவரையற்ற உண்ணாவிரதத்தில் உட்கார்ந்தது. தலைவரும் உட்கார்ந்தார். கோரிக்கைகளில் முக்கியமானது அந்த ஐந்தில் ஒன்று: மாதம் 2,000 ரூபாயாக இருந்த உதவித்தொகையை 5,000 ஆக்குங்கள். இரண்டு வாரத்துக்கும் மேல் இழுத்தது. நிர்வாகம் சில கோரிக்கைகளைக் கொள்கையளவில் ஏற்பதாகச் சொன்ன பிறகே பந்தல் பிரிந்தது. அடுத்த தேர்தல் 2025 ஏப்ரலில் வந்தது. அதில் ஐசாவின் நிதிஷ் குமார் 1,702 ஓட்டில் தலைவரானார், இணைச் செயலாளர் பதவியோ ஏ.பி.வி.பி.யின் வைபவ் மீனாவுக்குப் போனது. தனஞ்சய்க்குப் பக்கத்தில் நின்றது நீலக் கொடி. நிதிஷோ எதிர்க்கட்சிக்காரரோடு ஒரே பேரவை மேஜையில் உட்கார வேண்டியிருந்தது, அவரையும் சேர்த்துத்தான் ‘நாங்கள்’ என்று பேசத் தொடங்கவும் வேண்டியிருந்தது.