இடைவெளி காட்டிக்கொடுக்கும்

ஒரு கணினிக்குள் புகுந்த தீநிரல், புகுந்த கையோடு எதையும் திருடிவிடுவதில்லை. வெளியே எங்கோ இருக்கும் தன் எஜமானின் சர்வரைக் கூப்பிட்டு, "வேலை ஏதாவது உண்டா?" என்று கேட்கும். இல்லை என்றால் தூங்கப் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மறுபடி கேட்கும். இந்த விசாரிப்புக்குத்தான் பீக்கன் என்று பெயர். பேச்சு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் என்ன பேசுகிறது என்று பார்க்க முடியாது. ஆனால் எப்போது பேசுகிறது என்பதை மறைப்பது அதற்குக் கடினம்.

அந்த 'எப்போது' பதிவாகும் இடம் ஸீக். 1995இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வெர்ன் பாக்ஸன் 'ப்ரோ' என்ற பெயரில் எழுதத் தொடங்கிய மென்பொருள் இது. 2018இல் பெயர் மாறியது. நெட்வொர்க்கில் நடக்கும் ஒவ்வோர் இணைப்புக்கும் `conn.log` கோப்பில் ஒரு வரி எழுதும். தொடங்கிய நேரம், கூப்பிட்டது யார், யாரை, எத்தனை பைட் போனது, எத்தனை வந்தது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும்.

```
zcat conn.*.log.gz | zeek-cut ts id.orig_h id.resp_h id.resp_p | sort -n
```

கடைசியில் இருக்கும் `sort` முக்கியம். `ts` என்பது இணைப்பு தொடங்கிய நேரம். வரி எழுதப்படுவதோ பெரும்பாலும் இணைப்பு முடிந்த பிறகு. அடுக்காமல் கழித்தால் இடைவெளிகள் தாறுமாறாக வரும். அடுக்கிய பிறகு, ஒரே கணினி ஒரே முகவரியை அழைத்த வரிகளைத் தனியே எடுத்து, அடுத்தடுத்த நேரங்களைக் கழிக்க வேண்டும்.

கோபால்ட் ஸ்ட்ரைக் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். பாதுகாப்புச் சோதனைக்காகச் செய்யப்பட்டு, குற்றவாளிகள் கைக்கும் போய்விட்ட கருவி. மாற்றாமல் விட்டால் 60 நொடிக்கு ஒருமுறை விசாரிக்கும். இந்த ஒழுங்கு பிடிபட்டுவிடும் என்பதால், `sleep 60 20` என்று கட்டளையிட்டு 20 சதவீதம் வரை தூக்கத்தைக் குறைத்துக் கலைக்கலாம். அப்போது இடைவெளிகள் இப்படி இருக்கக்கூடும்: 52, 58, 49, 60, 55, 2400, 51, 57, 54. நடுவில் வரும் 2400, மதிய உணவுக்குப் போனவர் மடிக்கணினியை மூடிவைத்த 40 நிமிடம்.

இங்கே சராசரி ஏமாற்றிவிடும். அந்த ஒரே ஒரு எண்ணால் சராசரி 315 நொடி ஆகிவிடுகிறது. எண்களை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதைப் பார்த்தால் 55. ஒவ்வொன்றும் 55இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிட்டு, அந்த விலகல்களிலும் நடுவில் உள்ளதை எடுத்தால் வெறும் 3 நொடி. மதிய உணவு கணக்கைக் கெடுக்கவில்லை.

ஆனால் இது மட்டும் போதாது. ஒருவர் ஒரு செய்தித் தளத்தைப் படிக்கும்போது இடைவெளிகள் 1, 1, 2, 3, 5, 40, 310, 900, 1500 என்று அமையலாம். ஒரு பக்கம் திறந்ததும் சடசடவென்று பல இணைப்புகள், பிறகு படிக்கும் அமைதி. இதில் நடு எண் 5, விலகல் 4. பீக்கனின் 3க்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை! வேறுபாடு சமச்சீரில் இருக்கிறது. பீக்கனில் கால் பங்கில் நிற்பது 52, முக்கால் பங்கில் 58. நடுவான 55க்கு இருபுறமும் சம தூரம். மனிதரிடமோ 2, 5, 310 என்று ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. ஸீக் பதிவுகளை அலசும் ரீட்டா என்ற இலவசக் கருவி இந்த விலகலையும் சமச்சீரையும் சேர்த்தே மதிப்பெண் போடுகிறது.

மதிப்பெண் உயர்ந்துவிட்டால் திருடன் என்று முடிவுகட்டக் கூடாது. கடிகாரம் சரிபார்க்கும் சேவை, ஆன்டிவைரஸ், அப்டேட் தேடும் மென்பொருள் எல்லாமே ஒழுங்காகத்தான் கூப்பிடும். அடுத்த கேள்வி, அலுவலகத்தில் எத்தனை கணினிகள் அந்த முகவரியை அழைக்கின்றன என்பது. முன்னூறு என்றால் பெரும்பாலும் அப்டேட். கணக்குப் பிரிவில் ஒன்றே ஒன்று என்றால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். `uid` எண்ணைப் பிடித்துக்கொண்டு `ssl.log` போனால் சர்வரின் பெயர் கிடைக்கலாம். `resp_bytes` அளவும் பேசும்: மணிக்கணக்கில் ஒரே அளவாக வந்த பதில், ஒரு தடவை மட்டும் பல மடங்கு பெருத்திருந்தால், அது கட்டளை இறங்கிய தருணமாக இருக்கக்கூடும்.

இந்த முறைக்குப் பிடிபடாதவையும் உண்டு. ஒரே இணைப்பை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருக்கும் தீநிரலுக்கு இடைவெளியே கிடையாது. அதை `duration` பார்த்துத்தான் தேட வேண்டும். அலுவலகம் ப்ராக்ஸி வழியாகப் போனால் எல்லா அழைப்பும் ப்ராக்ஸிக்கே போனதாகத் தெரியும். அங்கே முகவரியை விட்டுவிட்டுச் சர்வர் பெயரை வைத்துத் தொகுக்க வேண்டியிருக்கும். 60 நொடிப் பீக்கன் ஒரு நாளில் 1,440 தடவை வரை கூப்பிடும், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவதோ மூன்றே தடவை. மூன்று வரியை வைத்து எந்த ஒழுங்கையும் சொல்ல முடியாது. 2020இல் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் தாக்குதலில் சன்பர்ஸ்ட் நிரல், முதல் அழைப்புக்கு முன்பே ஏறக்குறைய இரண்டு வாரம் சத்தமின்றிக் கிடந்தது. பழைய பதிவுகளை ஒரே நாளில் அழித்துவிடும் நிறுவனத்தால் மெதுவான பீக்கனைத் தேடவே முடியாது. குறைந்தது சில வாரப் பதிவுகளாவது வட்டில் இருக்க வேண்டும்.